ஒழுங்கு விசாரணைக் கூட்டத்தின் பதிவு: என் வரைவு சரியா?

குறிப்பேடு_துவாஸ்:
வணக்கம். சிங்கப்பூரில், துவாஸில் ஒரு சரக்குக் கிடங்கின் மனிதவளப் பிரிவில் வேலை செய்கிறேன். சென்ற வாரம் எங்களிடம் நடந்த ஒழுங்கு விசாரணைக் கூட்டத்தில் குறிப்பெடுக்கும் பொறுப்பு எனக்குத் தரப்பட்டது. இந்த ஊழியர் வேலையிலிருந்து நீக்கப்பட்டு, பிறகு முறையீடு செய்தால், நான் எழுதும் பதிவு அங்கே முன்வைக்கப்படும் என்பதால் உங்கள் கருத்தைக் கேட்கிறேன். யாரென்று தெரியாதபடி விவரங்களை மாற்றியிருக்கிறேன்.

ஊழியர் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுநர். வண்டியை எடுப்பதற்கு முன் பிரேக், ஹார்ன், தூக்குக் கரங்கள், எண்ணெய்க் குழாய் ஆகியவற்றைப் பார்த்துப் படிவத்தில் குறியிட்டு, நேரம் எழுதிக் கையெழுத்திட வேண்டும். மார்ச் 12ஆம் தேதிப் படிவத்தில் அவர் எழுதிய நேரம் காலை 7.40. முதன்மை வாயிலின் அட்டைப் பதிவிலோ அவர் முதலில் தென்படுவது 8.05. உள்ளே வருவதற்கு முன்பே சரிபார்த்ததாகப் பொய்யாகக் கையெழுத்திட்டார் என்பதுதான் கடிதத்தில் உள்ள குற்றச்சாட்டு. செயல்பாட்டு மேலாளர் கூட்டத்துக்குத் தலைமை வகித்தார்.

வரைவின் நடுப்பகுதி இது:

"ஊழியரிடம் படிவமும் வாயில் பதிவும் காட்டப்பட்டன. அவர் தவற்றை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டார். ஏற்கத்தக்க விளக்கம் எதையும் அவர் தரவில்லை. கூட்டம் காலை 10.25க்கு முடிந்தது."

இது போதுமா?

மணியம்_பூன்லே:
இது போதாது. கூட்டத்தில் பேசப்பட்ட ஒவ்வொரு சொல்லையும் அப்படியே எழுத வேண்டும். சுருக்கி எழுதினால் பிறகு யாரும் ஏற்க மாட்டார்கள். ஒவ்வொரு பக்கத்திலும் ஊழியரின் கையெழுத்து இருக்க வேண்டும். அவர் கையெழுத்திட மறுத்தால் அந்தப் பதிவு செல்லாது. கூட்டத்தை மறுபடி நடத்த வேண்டியிருக்கும். எங்கள் கப்பல் பட்டறையில் அப்படித்தான் செய்தோம்.

தணிகை:
தொழிலுறவுத் துறையில் பல ஆண்டுகள் நிறுவனத்தின் பக்கமும், பிறகு சிறிது காலம் தொழிற்சங்கத்தின் பக்கமும் இருந்தவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

முதலில் ஒரு கேள்வி. "தவற்றை ஒப்புக்கொண்டார்" என்று எழுதியிருக்கிறீர்களே, அவர் வாயிலிருந்து வந்த சொற்கள் என்ன? கூட்டத்தில் கையால் எழுதிய குறிப்பு உங்களிடம் இருந்தால் அதில் உள்ளதை அப்படியே இங்கே இடுங்கள். வரைவில் மற்ற எதையும் திருத்துவதற்கு முன் இது தெரிய வேண்டும்.

மணியம் அவர்கள் சொன்னதில் பாதியை ஏற்கிறேன். சர்ச்சைக்குரிய இடங்களில் கேள்வியும் பதிலும் சொல்லுக்குச் சொல் இருக்க வேண்டும். ஆனால் முழுக் கூட்டத்தையும் அப்படி எழுத வேண்டியதில்லை. வருகையைக் குறிப்பது, ஆவணங்களைக் காட்டுவது போன்றவற்றுக்கு ஓரிரு வரி போதும். எல்லாவற்றையும் எழுத முயல்கிறவர் முக்கியமான பதில் வரும்போது முந்தைய வாக்கியத்தை எழுதிக்கொண்டிருப்பார்.

கையெழுத்து இல்லாவிட்டால் பதிவு செல்லாது என்பது சரியல்ல. ஊழியர் மறுத்தால், எந்த நாளில், எந்த நேரத்தில், யார் முன்னிலையில் படிக்கக் கொடுக்கப்பட்டது, மறுத்ததற்கு அவர் சொன்ன காரணம் என்ன என்பதை அதே தாளின் அடியில் எழுதி, உடனிருந்தவர் கையெழுத்திட்டால் போதும். கையெழுத்து என்பது "இதில் எழுதியிருப்பது நான் சொன்னதுதான்" என்பதற்கான அடையாளம். குற்றத்தை ஏற்பதற்கான அடையாளம் அல்ல. பல ஊழியர்கள் இரண்டும் ஒன்றென்று அஞ்சித்தான் மறுக்கிறார்கள். கையெழுத்திடும் இடத்துக்கு மேலேயே அந்த வேறுபாட்டை ஒரு வரியில் எழுதிவிட்டால் மறுப்பு பெரும்பாலும் வராது.

செங்காங்_வாசகி:
எனக்கும் இதே போல ஒன்று நேர்ந்தது. நான் பணிபுரிந்த இடத்தில் ஒரு மாத முன்னறிவிப்புக் கொடுத்து என்னை நிறுத்திவிட்டார்கள். விசாரணையும் இல்லை, பதிவும் இல்லை, காரணமும் சொல்லவில்லை. விசாரணை நடத்தாததால் அந்த நீக்கம் செல்லாது என்று இப்போது நான் முறையிட முடியுமா? வேலையை விட்டு ஐந்து மாதங்கள் ஆகின்றன.

தணிகை:
செங்காங் வாசகி அம்மா, உங்கள் நிலை வேறு. வேலை நியமனச் சட்டத்தின் 14ஆம் பிரிவு முறையான விசாரணையைக் கேட்பது, தவறான நடத்தையைக் காரணமாகக் காட்டி முன்னறிவிப்பின்றி நீக்கும்போது. ஒப்பந்தப்படி முன்னறிவிப்புக் கொடுத்து, காரணம் சொல்லாமல் நிறுத்தியதற்கு வேறு அளவுகோல்கள் உண்டு. தவறான பணிநீக்கக் கோரிக்கையை வேலையின் கடைசி நாளிலிருந்து ஒரு மாதத்துக்குள் முத்தரப்புச் சமரச அமைப்பில் பதிய வேண்டும் என்பதால், அந்த வழி உங்களுக்குக் கடந்துவிட்டது என்றே அஞ்சுகிறேன். உங்களுக்குச் சம்பளப் பாக்கி ஏதேனும் இருந்தால் அதற்கான காலக்கெடு வேறு. அதை மனிதவள அமைச்சிடம் தனியாகக் கேளுங்கள். வருந்துகிறேன்.

குறிப்பேடு_துவாஸ்:
தணிகை ஐயா, கையால் எழுதிய குறிப்பைத் தேடி எடுத்தேன். அதில் இருப்பது இது:

"கையெழுத்து என்னுடையதுதான். அன்றைக்கு அட்டை வாசிக்கும் இயந்திரம் வேலை செய்யவில்லை. லாரி வாயில் வழியாக வந்தேன். காவலாளி நோட்டில் இருக்கும், பாருங்கள். எல்லாருக்கும் சிரமம் கொடுத்ததற்கு மன்னிக்க வேண்டும்."

பிறகு ஹார்னைப் பற்றிக் கேட்டபோது, "வண்டி அப்போது சார்ஜில் இருந்தது, அதனால் ஹார்ன் அடித்துப் பார்க்கவில்லை, ஆனால் குறியிட்டுவிட்டேன்" என்றார். லாரி வாயிலைப் பற்றிய பேச்சு இந்த வழக்குக்குத் தொடர்பில்லாதது, பதிவில் வேண்டாம் என்று கூட்டம் முடிந்தபின் மேலாளர் சொன்னார்.

தணிகை:
உங்கள் வரைவில் உள்ள மூன்று கூற்றுகள் இந்தக் குறிப்போடு பொருந்தவில்லை என்பதைப் பாருங்கள். அவர் ஒப்புக்கொண்டது கையெழுத்து தன்னுடையது என்பதை மட்டும்தான். மன்னிப்புக் கேட்டது சிரமத்துக்காக, பொய்யெழுதியதற்காக அல்ல. விளக்கம் தரவில்லை என்பது உண்மைக்கு நேர் எதிரானது. அவர் விளக்கம் தந்ததோடு அதைச் சோதிக்கும் வழியையும் காட்டியிருக்கிறார். "ஒப்புக்கொண்டார்" என்பது விசாரணைக் குழு கடைசியில் எட்ட வேண்டிய முடிவு. அதைக் குறிப்பெடுப்பவர் நடுவிலேயே எழுதிவிட்டால், குழு முடிவெடுப்பதற்கு எதுவும் மிஞ்சாது. பின்னால் படிக்கிற நடுவருக்கும் அவர் உண்மையில் என்ன சொன்னார் என்பது தெரியாமல் போய்விடும்.

அந்தப் பகுதி இப்படி இருந்தால் நிற்கும்:

"தலைவர் மார்ச் 12ஆம் தேதிப் படிவத்தை (இணைப்பு 2) காட்டி, கையெழுத்து யாருடையது என்று கேட்டார். ஊழியர்: 'கையெழுத்து என்னுடையதுதான்.' தலைவர் முதன்மை வாயில் பதிவை (இணைப்பு 3) காட்டி, 8.05க்கு உள்ளே வந்தவர் 7.40 என்று எழுதியது எப்படி என்று கேட்டார். ஊழியர்: 'அன்றைக்கு அட்டை வாசிக்கும் இயந்திரம் வேலை செய்யவில்லை. லாரி வாயில் வழியாக வந்தேன். காவலாளி நோட்டில் இருக்கும், பாருங்கள்.' லாரி வாயில் பதிவேட்டைப் பார்க்குமாறு ஊழியர் கேட்டுக்கொண்டது குறிக்கப்பட்டது."

கேள்வியையும் எழுத வேண்டும் என்பதைக் கவனியுங்கள். கேள்வியை விட்டுவிட்டுப் பதிலை மட்டும் எழுதினால், ஊழியர் தானாகவே முன்வந்து சொன்னாரா, வாயில் திணிக்கப்பட்டதை ஆமாம் என்றாரா என்பது பிறகு யாருக்கும் தெரியாது.

அடுத்தது லாரி வாயில். இந்த வழக்கின் உயிர்நாடியே அதுதான். 7.40க்கு அவர் உள்ளே இல்லை என்பதற்கு உங்களிடம் உள்ள ஒரே சான்று அட்டைப் பதிவு. அந்தப் பதிவு அன்றைக்கு முழுமையானதல்ல என்று அவர் சொல்கிறார். அதைச் சோதிக்காமல் விட்டால் விசாரணை நடந்தது என்று சொல்ல முடியாது, கூட்டம் நடந்தது என்று மட்டுமே சொல்ல முடியும். 2017இல் உயர் நீதிமன்றம் ஒரு வழக்கில் இதைத் தெளிவாக்கியது: முறையான விசாரணைக்கு நீதிமன்றச் சடங்குகள் தேவையில்லை, ஆனால் குற்றச்சாட்டும் அதற்கான சான்றும் ஊழியருக்குத் தெரிவிக்கப்பட்டு, தன் தரப்பைச் சொல்லித் தற்காத்துக்கொள்ள அவருக்கு வாய்ப்புத் தரப்பட வேண்டும். அவர் தற்காத்துக்கொண்ட இடத்தையே பதிவிலிருந்து நீக்கினால் அந்த வாய்ப்பு தரப்பட்டதை நிறுவனம் எதைக் கொண்டு காட்டும்? ஊழியர் முறையிடும்போது முதலில் சொல்லப்போவது, "காவலாளி நோட்டைப் பாருங்கள் என்றேன், பார்க்கவில்லை" என்பதுதான். உங்கள் பதிவில் அந்த வரி இல்லாமலிருப்பது அப்போது நிறுவனத்துக்கு எதிராகவே பேசும்.

எனவே மேலாளர் என்ன சொன்னாலும் அந்த வரி இருக்க வேண்டும். தொடர்பில்லை என்று தலைவர் கருதினால், அப்படிக் கருதினார் என்பதையும் அதற்கான காரணத்தையும் அவர் பெயரிலேயே எழுதுங்கள். காரணத்தை எழுதச் சொல்லும்போது அவரே யோசிப்பார்.

கிடங்கு_மேற்பார்வையாளர்:
நான் ஜூரோங் பக்கம் இரவு வேலைநேர மேற்பார்வையாளராக இருக்கிறேன். சட்டம் எனக்கு அதிகம் தெரியாது, ஆனால் வாயில் இயந்திரங்களைத் தெரியும். அட்டைப் பதிவை அச்செடுத்துக் கோப்பில் வைப்பதோடு நிறுத்தாதீர்கள். அன்று காலை 7 மணியிலிருந்து 8.30 வரை அந்த இயந்திரத்தில் பதிவான எல்லாருடைய நேரங்களையும் எடுத்துப் பாருங்கள். இயந்திரம் பழுதாகி இருந்திருந்தால், வழக்கமாக ஆட்கள் திரண்டு வரும் நேரத்தில் ஒரு பெரிய வெற்றிடம் தெரியும். எல்லாரும் 7.30க்கும் 7.45க்கும் இடையே பதிவாகியிருந்தால் அவர் சொல்வது இடிக்கும். இந்த ஒரு தாள் நான்கு பேரின் வாக்குமூலத்தை விடப் பயன்படும்.

அவர் 7.40க்கு உள்ளே இருந்தார் என்றால் 8.05 பதிவு எங்கிருந்து வந்தது என்றும் கேட்க வேண்டும். இயந்திரம் சரியானபின் எல்லாரையும் மறுபடி போய் அட்டையைக் காட்டச் சொல்வது எங்களிடம் உண்டு. உங்களிடம் எப்படி என்று விசாரியுங்கள்.

இன்னொன்று, கண்காணிப்புக் கேமரா. பழைய காட்சிகள் மேல் புதிய காட்சிகள் தானாகப் பதிவாகி அழிந்துவிடும். எத்தனை நாளில் அழியும் என்று பாதுகாப்பு அறையில் இன்றே கேளுங்கள். அழிந்துவிட்டது என்றால், எந்த நாளில் கேட்டீர்கள், யார் அப்படிச் சொன்னார் என்று எழுதி வையுங்கள்.

மணியம்_பூன்லே:
இவ்வளவு அலைச்சல் எதற்கு? ஹார்னைப் பார்க்காமல் குறியிட்டேன் என்று அவரே தெளிவாகச் சொல்லிவிட்டார். அது பாதுகாப்புக் குற்றம். லாரி வாயிலை விட்டுவிட்டு, அந்த ஒப்புதலை வைத்தே முடிவெழுதிவிடலாமே. அதை யாரும் மறுக்க முடியாது.

தணிகை:
மணியம் அவர்களே, ஹார்ன் விஷயம் கனமானது என்பதில் உங்களோடு எனக்கு வேறுபாடு இல்லை. ஹார்ன் ஒலிக்காத ஃபோர்க்லிஃப்ட் அலமாரிகளுக்கு இடையே திரும்பும்போது எதிரே நடந்து வருகிறவரின் உயிர் போகலாம். ஆனால் கடிதத்தில் உள்ள குற்றச்சாட்டு, "உள்ளே வருவதற்கு முன்பே நேரத்தைப் பொய்யாக எழுதினார்" என்பது. "பார்க்காமல் குறியிட்டார்" என்பது வேறொரு குற்றச்சாட்டு. முதல் குற்றச்சாட்டுக்குப் பதில் சொல்ல வந்தவர் போகிற போக்கில் சொன்ன ஒரு வரியைப் பிடித்து, அதற்காகவே அவரை நீக்கினால், எதற்கு நீக்கப்பட்டாரோ அதற்குப் பதில் சொல்லும் வாய்ப்பே அவருக்குத் தரப்படவில்லை என்றாகிவிடும். சார்ஜில் இருக்கும் வண்டியைச் சரிபார்க்கும் முறை என்ன, மற்ற ஓட்டுநர்கள் என்ன செய்கிறார்கள், மேற்பார்வையாளர் இதை முன்பு கண்டித்திருக்கிறாரா என்றெல்லாம் அவர் சொல்லக்கூடிய பதில்கள் இருக்கலாம். அவை இன்னும் கேட்கப்படவில்லை.

சரியான வழி எளிதானது. அவர் சொன்னதைச் சொன்னபடி பதிவில் வையுங்கள். அடுத்து, "இந்தக் கூற்று கடிதத்தில் இல்லாத ஒரு விஷயத்தை எழுப்புவதால், நிறுவனம் இதைத் தனியாக எடுத்துக்கொள்ள விரும்பினால் எழுத்து மூலம் ஊழியருக்குத் தெரிவிக்கும், இன்றைய கூட்டத்தில் இதன் மீது முடிவு எடுக்கப்படவில்லை" என்று எழுதுங்கள். பிறகு இரண்டாவது கடிதம், பதில் தயாரிக்கப் போதிய நாள், இரண்டாவது அமர்வு.

நூர்ஜஹான்_தெம்பனிஸ்:
எனக்கு ஒரு விஷயம் உறுத்துகிறது. வாயில் பதிவையும் படிவத்தையும் ஒப்பிட்டு இந்த வேறுபாட்டைக் கண்டுபிடித்தது யார்? செயல்பாட்டு மேலாளரா? அவரேதான் தலைமை வகித்தாரா? அப்படியென்றால் புகார் சொன்னவரும் தீர்ப்புச் சொல்பவரும் ஒருவராகிவிடுகிறார்.

இன்னொன்று: கூட்டம் எந்த மொழியில் நடந்தது? நான் ஒரு தொண்டூழிய அமைப்பின் மூலம் வெளிநாட்டு ஊழியர்களுக்கு மொழிபெயர்ப்பில் உதவி வருகிறேன். மேலாளர் ஆங்கிலத்தில் கேட்க, ஊழியர் தமிழில் சொல்ல, பதிவில் எல்லாம் ஒரே மொழியில் இருப்பதை அடிக்கடி பார்க்கிறேன்.

குறிப்பேடு_துவாஸ்:
ஆமாம், வேறுபாட்டைக் கண்டுபிடித்தவர் மேலாளர்தான். கேள்விகள் ஆங்கிலத்தில், பதில்கள் தமிழில். நானே மொழிபெயர்த்தேன், நானே குறிப்பும் எடுத்தேன்.

நூர்ஜஹான்_தெம்பனிஸ்:
அக்கா, இரண்டு வேலைகளையும் ஒருவர் செய்தார் என்பதை மறைக்காமல் பதிவிலேயே எழுதிவிடுங்கள். அடுத்த அமர்வுக்கு மொழிபெயர்ப்பாளராக வேறொருவரை வையுங்கள். அவர் ஊழியரின் நேரடி மேலதிகாரியாகவும் இருக்கக் கூடாது, நெருங்கிய நண்பராகவும் இருக்கக் கூடாது. முக்கியமான பதில்களைத் தமிழிலேயே எழுதி, அடுத்த வரியில் ஆங்கிலத்தைக் கொடுங்கள். கையெழுத்துக்கு முன் முழுவதையும் ஊழியருக்குத் தமிழில் படித்துக் காட்டி, படித்துக் காட்டியவர் பெயரையும் எழுதுங்கள். தனக்குப் படிக்கத் தெரியாத மொழியில் உள்ள தாளில் ஒருவர் இட்ட கையெழுத்தை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது.

தணிகை:
நூர்ஜஹான் சொன்ன இரண்டும் முக்கியம். விசாரிப்பவர் ஒருபக்கச் சார்பு உடையவராகத் தோன்றும் நிலையில் இருக்கக் கூடாது என்பது மனிதவள அமைச்சின் வழிகாட்டலிலேயே உள்ளது. சிறு நிறுவனங்களில் வேறு ஆள் கிடைப்பது கடினம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் துவாஸில் கிடங்கு வைத்திருக்கும் நிறுவனத்தில் வேறு பிரிவின் மேலாளர் ஒருவர் இல்லாமல் போக மாட்டார். அடுத்த அமர்வுக்கு அவர் தலைமை வகிக்கட்டும்; செயல்பாட்டு மேலாளர் சாட்சியாக வந்து, எப்படிக் கண்டுபிடித்தேன் என்று சொல்லிவிட்டு வெளியே போகட்டும். புதிய தலைவர் பழைய குறிப்பைப் படித்துவிட்டு முடிவெழுதினால் போதாது. ஊழியரை மீண்டும் நேரில் கேட்க வேண்டும். இந்த மாற்றத்தையும் அதற்கான காரணத்தையும் இரண்டாம் அமர்வுப் பதிவின் முதல் பத்தியில் எழுதுங்கள்.

முதல் அமர்வின் பதிவை அழித்துவிட்டுப் புதிதாக எழுதாதீர்கள். நீங்கள் கையால் எழுதிய குறிப்பையும் கோப்பிலேயே வையுங்கள். தட்டச்சுப் பதிவு தயாரானபின் மூலக் குறிப்பைக் கிழித்துப்போடும் வழக்கம் சில அலுவலகங்களில் உண்டு. இன்று உங்களைத் திருத்தியதே அந்தத் தாள்தான்.

ஊழியர் இப்போது வேலைக்கு வருகிறாரா, நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறாரா?

குறிப்பேடு_துவாஸ்:
நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறார். இன்று ஐந்தாம் நாள். பாதிச் சம்பளம்.

தணிகை:
விசாரணைக்காக நிறுத்தி வைப்பதற்கான வரம்பு ஒரு வாரம். பாதிச் சம்பளத்துக்குக் குறையக் கூடாது. அதற்கு மேல் தேவைப்பட்டால் தொழிலாளர் ஆணையரிடம் கேட்க வேண்டும். இரண்டாம் அமர்வு அதற்குள் முடியாதென்றால் அவரை வேறு பணியில் சேர்த்துக்கொள்வது நல்லது. குற்றம் நிரூபிக்கப்படாவிட்டால் பிடித்து வைத்த பாதியைத் திருப்பித் தர வேண்டும் என்பதையும் மேலாளரிடம் இப்போதே சொல்லிவிடுங்கள்.

வழக்கறிஞர்_அல்ல:
யாரும் ஒலிப்பதிவைப் பற்றிச் சொல்லவில்லையே. கைப்பேசியில் பதிவு செய்துவிட்டால் இந்தச் "சொன்னார், சொல்லவில்லை" சண்டையே இருக்காது. எங்கள் நிறுவனத்தில் எல்லாரிடமும் சொல்லிவிட்டு எப்போதும் பதிவு செய்கிறோம்.

நூர்ஜஹான்_தெம்பனிஸ்:
எனக்கு அதில் தயக்கம் உண்டு. நான் உதவிய ஊழியர்களில் சிலர் பதிவுக் கருவியைக் கண்டதுமே ஒற்றைச் சொல்லில் பதில் சொல்லத் தொடங்கிவிடுகிறார்கள். அவர்கள் சொல்ல வேண்டிய விளக்கம் உள்ளேயே நின்றுவிடுகிறது. அது நியாயமான விசாரணையா?

தணிகை:
இதில் நான் இரு பக்கமும் பார்த்திருக்கிறேன், எது சரி என்று உறுதியாகச் சொல்ல மாட்டேன். பதிவு செய்வதென்றால் தொடக்கத்திலேயே சொல்லி, ஊழியரின் பதிலைப் பதிவில் எழுதி, அவர் கேட்டால் ஒரு படி கொடுக்கத் தயாராக இருங்கள். நிறுவனம் மட்டும் வைத்துக்கொண்டு, தனக்குச் சாதகமான இடத்தில் மட்டும் போட்டுக் காட்டுவது ஏற்கத்தக்கதல்ல. ஒலிப்பதிவு இருந்தாலும் எழுத்துப் பதிவு வேண்டும், ஏனென்றால் எந்த ஆவணம் எப்போது காட்டப்பட்டது என்பது ஒலியில் தெரியாது.

குறிப்பேடு_துவாஸ்:
எல்லாருக்கும் நன்றி. இன்று நடந்ததைச் சொல்கிறேன். லாரி வாயில் பதிவேடு கிடைத்தது. மார்ச் 12ஆம் தேதிக்குக் கீழே, "7.35, அட்டை இயந்திரம் பழுது, கிடங்கு ஆட்கள் 4 பேர் நடந்து உள்ளே" என்று ஒரு வரி இருக்கிறது. பெயர்கள் இல்லை. முதன்மை வாயிலில் 7.20க்கும் 7.58க்கும் இடையே ஒருவர் கூடப் பதிவாகவில்லை. இயந்திரம் சரியானபின் மறுபடி அட்டையைக் காட்டச் சொன்னார்களா என்பதில் இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொல்கிறார்கள். கேமராக் காட்சி அழிந்துவிட்டது. பாதுகாப்பு அறை எழுத்தில் தந்திருக்கிறது. அந்த வரியை எழுதிய காவலாளி ஒப்பந்த நிறுவனத்தை விட்டுப் போய்விட்டார். வேறொரு பிரிவின் மேலாளர் தலைமை வகிக்கச் சம்மதித்திருக்கிறார்.

இப்போது மேலாளர் கேட்கிறார்: பெயர் இல்லாத வரி என்பதால் அது ஊழியருக்குச் சாதகம் என்று எழுத வேண்டியதில்லைதானே?

கிடங்கு_மேற்பார்வையாளர்:
7.20க்கும் 7.58க்கும் இடையே யாருமே இல்லையா? அப்படியென்றால் இயந்திரம் பழுது என்பது உறுதி. மீதி மூன்று பேர் யார் என்று அன்றைய வேலைநேரப் பட்டியலில் பாருங்கள். அந்த இடைவெளியில் வந்திருக்க வேண்டியவர்கள் சிலர்தான் இருப்பார்கள். அவர்களைக் கேளுங்கள்.

மணியம்_பூன்லே:
அந்த நான்கு பேரில் அவர் இருந்தார் என்பதற்குச் சான்று இல்லை. அதனால் நிறுவனத்தின் பக்கம்தான் இன்னும் வலுவாக இருக்கிறது என்பேன்.

தணிகை:
அவர் இருந்தார் என்று அவர் நிரூபிக்க வேண்டிய நிலை இல்லை, மணியம் அவர்களே. தவறான நடத்தை என்று சொல்லி நீக்குவது நிறுவனம். அதை நிறுவனம்தான் காட்ட வேண்டும். "7.40க்கு அவர் உள்ளே இல்லை" என்பதற்கு இருந்த ஒரே தூண், அந்த நேரத்தில் வேலை செய்யாத ஓர் இயந்திரத்தின் பதிவு என்று இப்போது தெரிகிறது. அதே சமயம் அவர் 7.35க்கு வந்தார் என்றும் நிலைநாட்டப்படவில்லை.

குறிப்பேடு அவர்களே, சாதகம், பாதகம் என்ற சொற்கள் பதிவில் வரவே வேண்டாம். பதிவேட்டின் அந்த வரியை எழுத்துப் பிசகாமல் படியெடுத்து, "பெயர்கள் குறிக்கப்படவில்லை; எழுதிய பாதுகாவலரை விசாரிக்க இயலவில்லை, காரணம் இது" என்று மட்டும் சேருங்கள். வாயில் பதிவின் இடைவெளியை இணைப்பாக வைத்து, இரண்டாம் அமர்வுக்கு முன்பே இரண்டையும் ஊழியரிடம் கொடுத்து, அவர் பெற்றுக்கொண்ட நாளைக் குறியுங்கள். மறுபடி அட்டை காட்டுவது பற்றி அந்த இரண்டு பேர் சொன்னதைத் தனித்தனி வாக்குமூலங்களாக எழுதி, அவரவர் கையெழுத்தோடு இணையுங்கள். இரண்டையும் கலந்து ஒரே பத்தியாக்க வேண்டாம்.

முடிவு தனித் தாளில் இருக்கட்டும், புதிய தலைவரின் கையெழுத்தில். எந்தக் குற்றச்சாட்டு, எந்த இணைப்புகளைப் பார்த்தார், ஊழியரின் எந்த விளக்கத்தை ஏற்றார், எதை ஏற்கவில்லை, ஏன் என்பவை அதில் வர வேண்டும். நேரம் பற்றிய குற்றச்சாட்டு நிரூபிக்கப்படவில்லை என்று அவர் எழுத நேர்ந்தால், அதை அப்படியே எழுத விடுங்கள்.

குறிப்பேடு_துவாஸ்:
சரி ஐயா. வேலைநேரப் பட்டியலில் அந்த இடைவெளிக்குள் வந்திருக்க வேண்டியவர்கள் ஆறு பேர். அவர்களில் இருவர் நாளைக் காலை பேசச் சம்மதித்திருக்கிறார்கள். அவர்கள் சொல்வதையும் கேள்வியோடு சேர்த்தே எழுதுகிறேன். ஹார்ன் பற்றிய இரண்டாவது கடிதத்தை அனுப்புவதா வேண்டாமா என்பதை மேலிடம் இன்னும் முடிவு செய்யவில்லை.